தொடர் வருமானத்தின் மொத்த மதிப்பு: அடுக்கில் t வருமா, T − t வருமா?

எழில்

எல்லாருக்கும் வணக்கம். நிதிக் கணிதத்துல ஒரு கணக்கு. என் விடையும் விடைப்பட்டியலும் ஒத்தே போகல.

ஒரு வருமானம் ஆண்டுக்கு 10,000 என்ற வீதத்துல விடாம வந்துகிட்டே இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு ஒரு தடவைன்னு இல்ல, குழாயைத் திறந்து விட்ட மாதிரி. வர்ற பணம் வந்த நொடியிலேயே 6% தொடர் கூட்டுவட்டிக்குப் போயிடுது. 10 ஆண்டு முடிவுல கையில மொத்தம் எவ்வளவு இருக்கும்?

நான் போட்டது: 10 ஆண்டுல வருமானம் 1,00,000. 10 ஆண்டுக்கான வட்டிப் பெருக்கம் e^0.6 = 1.8221. ஆக 1,82,212. புத்தகத்துல 1,37,020-ன்னு இருக்கு. 45,000 எங்க போச்சு?

குறுக்குக்கணக்கு

தம்பி, இதுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். முழுப் பணமும் முதல் நாளே வந்துடல. அதனால மொத்தமாப் பெருக்கக் கூடாது, தொகையிடணும். இதைப் போடுங்க:

∫₀¹⁰ 10000 e^(0.06t) dt = (10000 / 0.06)(e^0.6 − 1) = 1,37,019.80

முடிஞ்சது. அடுத்த கணக்குக்குப் போங்க.

எழில்

அட, வந்துடுச்சு! நன்றி அண்ணா. ஆனா புத்தகத்துல அடுக்குல 0.06(10 − t)-ன்னு போட்டிருக்கான். உங்களது வெறும் 0.06t. ரெண்டும் ஒண்ணுதானா?

வட்டிவிசை

ஒன்று இல்லை. விடை சரி, அதைக் கொடுத்த தொகையீடு தப்பு. பரீட்சையில் இது தப்பித்துவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

எழில், மூன்றாம் ஆண்டு முடிந்த மறுநாள் வருகிற பணத்தை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். 10,000-ஐ 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 27.40. அந்தப் பணம் கணக்குக்குள் நுழையும்போது 3 ஆண்டுகள் ஏற்கனவே போய்விட்டன. இனி 7 ஆண்டுகள்தான் வட்டி சேரும். ஆகவே அது e^0.42 மடங்கு ஆகி, கடைசியில் 41.70 ஆக நிற்கும். முதல் நாள் வந்த 27.40 முழுப் பத்து ஆண்டும் இருந்து 49.92 ஆகிறது. கடைசி நாள் வந்தது 27.40 ஆகவே இருக்கிறது, அதற்கு வட்டி சேர நேரமே இல்லை.

ஒவ்வொரு நாள் பணத்துக்கும் வயது வேறு. t என்ற நேரத்தில் வந்த பணத்துக்கு மிச்சமிருக்கும் காலம் T − t. அதனால்தான் புத்தகத்தில்

∫₀ᵀ R(t) e^(r(T − t)) dt

என்று இருக்கிறது. நீங்கள் 1,82,212 என்று போட்டபோது எல்லாப் பணத்துக்கும் முதல் நாள் பணத்தின் வயதைக் கொடுத்துவிட்டீர்கள்.

இப்போது குறுக்குக்கணக்கு எழுதியதைப் பாருங்கள். அவருடைய அடுக்கு 0.06t. மூன்றாம் ஆண்டு முடிவில் வந்த 27.40-க்கு அவர் கணக்கில் e^0.18 மடங்கு, அதாவது 32.80. ஏழாம் ஆண்டு முடிவில் வந்ததற்கு 41.70. உண்மையில் நேர்மாறாக இருக்க வேண்டும்: முன்னால் வந்ததற்குத்தான் 41.70. இரண்டு நாட்களின் விடைகளும் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான். தினமும் வருவது ஒரே தொகை என்பதால், இடம் மாறினாலும் கூட்டல் மாறவில்லை.

குறுக்குக்கணக்கு

அம்மா, கூட்டல் மாறலைன்னா அப்புறம் என்ன தப்பு? விடை வருதுல்ல?

வட்டிவிசை

வருமானம் சீராக இருக்கும்வரை வரும். ஏறுமுகமாக வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 10,000-இல் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டுக்கும் வீதம் 1,000 கூடுகிறது: R(t) = 10000 + 1000t. வட்டி அதே 6%, காலம் அதே 10.

அடுக்கில் 10 − t வைத்துத் தொகையிட்டால் 1,98,720. உங்கள் முறையில் t வைத்தால் 2,12,340. இதில் எது தப்பு என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லலாம். வட்டி இல்லாமல் இந்த வருமானத்தின் கூட்டுத்தொகை 1,50,000. அதே 1,50,000 பத்து ஆண்டுகளில் சீராக வந்திருந்தால், எழிலின் முதல் கணக்கைப் போலவே 1.3702 மடங்காகி 2,05,530 ஆகியிருக்கும். நம்முடைய வருமானம் பின்பகுதியில் கனமாக வருகிறது. பின்னால் வரும் பணத்துக்கு வட்டி குறைவு. ஆகவே விடை 2,05,530-க்குக் கீழேதான் இருக்க முடியும். 2,12,340 அதைத் தாண்டிவிட்டது.

குறுக்குக்கணக்கு

சரி, ஏறுற வருமானத்துக்கு மாறும், புரியுது. ஆனா நான் t-ன்னு எழுதினது மிச்சமிருக்கிற காலத்தை. s = T − t-ன்னு மாறியை மாத்தினா என் தொகையீடுதான் வரும். அது கணிதப்படி செல்லும்.

வட்டிவிசை

செல்லும். ஆனால் மாறியை மாற்றும்போது அடுக்கை மட்டும் மாற்றிவிட்டு வருமானத்தை அப்படியே விட முடியாது. s ஆண்டுகள் மிச்சமிருக்கும்போது வருகிற வருமானம் R(10 − s), அதாவது 20000 − 1000s. அதை e^(0.06s)-ஆல் பெருக்கித் தொகையிடுங்கள், மறுபடியும் 1,98,720 வரும். நீங்கள் முதலில் எழுதியதில் R என்பது மாறிலி. அதனால் மாற்ற மறந்ததா, மாற்றத் தேவையில்லாததா என்பது வெளியே தெரியவில்லை.

முடிவிலி

நடுவுல வர்றேன். குறுக்கு அண்ணன் முதல்ல எழுதின ∫ 10000 e^(0.06t) dt-க்கு நிஜமாவே ஒரு அர்த்தம் இருக்கு. ஆனா அது எழில் கேட்ட கேள்வி இல்ல. ஆண்டுக்கு 10,000-ல தொடங்கி வருமானமே 6% வீதத்துல வளர்ந்துகிட்டுப் போகுது, அதை வட்டிக்கே போடாம பெட்டியில வச்சுக்கிட்டோம்னா, 10 ஆண்டுல சேர்றது அதுதான்: 1,37,020.

அந்த வளரும் வருமானத்தை 6% வட்டிக்கும் போட்டா? உள்ளே e^(0.06t) × e^(0.06(10 − t)) வரும். t வெட்டிக்கிட்டு வெறும் e^0.6 மிஞ்சும். தொகையீட்டுக்குள்ள மாறிலி மட்டும்தான். 10000 × 10 × e^0.6 = 1,82,212. எழில் முதல்ல போட்ட விடை! அது வேற ஒரு கேள்விக்குச் சரியான விடை.

எழில்

அதாவது பின்னால வர்ற பணத்துக்கு வட்டி குறையுது, ஆனா வர்ற தொகை அதே அளவுக்குக் கூடிடுது, அதனால ஒவ்வொரு நாளும் கடைசித் தொகைக்கு ஒரே அளவு சேர்க்குது. சரியா?

முடிவிலி

அதேதான். இதுல விரிதாள் வச்சுப் போடுறவங்களுக்கு ஒரு பள்ளம் இருக்கு. வருமான வளர்ச்சி g, வட்டி r-ன்னா பொதுச் சூத்திரம்

R₀ (e^(rT) − e^(gT)) / (r − g)

g-யும் r-ம் ஒண்ணா இருந்தா கீழ பூச்சியம். விரிதாள் #DIV/0!-ன்னு காட்டும். விடையே இல்லாம போகல, எல்லைமதிப்பு எடுத்தா மேலே சொன்ன R₀ T e^(rT) வரும். ரெண்டும் ரொம்ப ரொம்பக் கிட்ட இருந்தா இன்னும் மோசம்: பிழைச் செய்தி வராது, கடைசி இலக்கங்கள் கண்டபடி ஆகும். ரெண்டு கிட்டத்தட்டச் சமமான எண்களைக் கழிச்சு, பூச்சியத்தை ஒட்டின எண்ணால வகுக்கிறோம்ல.

செந்தூரன்

வணக்கம். நான் மாணவன் இல்லை. ஆனால் இந்த எண்கள் எனக்கு அப்படியே பொருந்துவதால் கேட்கிறேன். நான் எழுதிய ஒரு மென்பொருளின் உரிமத்திலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 வருகிறது. ஒப்பந்தம் இன்னும் 10 ஆண்டு இருக்கிறது. ஒருவர் அந்த உரிமையை இப்போதே மொத்தமாக 80,000-க்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். இங்கே பார்த்தால் அதன் மதிப்பு 1,37,020 என்று வருகிறதே, பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தருகிறாரா?

குறுக்குக்கணக்கு

கண்ணை மூடிக்கிட்டு மறுத்துடுங்க. 57,000 நஷ்டம்.

வட்டிவிசை

செந்தூரன், மறுக்கிறதுக்கு முன்னால் ஒரு நிமிடம். 1,37,020 என்பது பத்து ஆண்டு கழித்து, வந்த எதையும் செலவழிக்காமல் 6%-இல் போட்டு வைத்திருந்தால் உங்களிடம் இருக்கும் தொகை. அவர் தருவதாகச் சொல்லும் 80,000 இன்றைய பணம். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் ஒப்பிட முடியும்.

இன்றைய நாளில் நிறுத்த, ஒவ்வொரு நாள் வருமானத்தையும் பின்னோக்கி இழுக்க வேண்டும்: ∫₀¹⁰ 10000 e^(−0.06t) dt. இங்கேதான் அடுக்கில் வெறும் t வரும், குறைக் குறியோடு. விடை 75,198. 1,37,020-ஐ e^0.6-ஆல் வகுத்தாலும் இதே வரும். அல்லது மறுபுறமாக, அவர் தரும் 80,000-ஐ 6%-இல் பத்து ஆண்டு போட்டால் 1,45,770 ஆகும். எப்படிப் பார்த்தாலும் 6% என்றால் அவர் கேட்கும் விலை உங்களுக்கு லாபம்.

செந்தூரன்

நன்றி அம்மா, இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். எனக்குப் பணம் நொடிக்கு நொடி வருவதில்லை, மாதக் கடைசியில் மொத்தமாக வருகிறது. அப்படியிருக்க இந்தத் தொகையீடு எனக்குப் பொருந்துமா? அடுத்தது, என் வைப்பில் எனக்குக் கிடைக்கும் 6% ஆண்டுக்கு ஒருமுறை சேர்க்கும் வட்டி. அதுவும் இந்த 6%-உம் ஒன்றா?

வட்டிவிசை

முதல் சந்தேகம் சின்னது. மாதம் முழுவதும் சீராக வரவேண்டிய பணம் மாதக் கடைசியில் வந்தால், சராசரியாக அரை மாதம் தாமதம். அரை மாதத்துக்கு 6% வட்டி என்பது 0.25%. 75,198-இல் அது 188. மாதத் தொடக்கத்தில் வந்தால் அதே அளவு கூடும். நடுவில் வந்தால் தொகையீட்டுக்கும் கூட்டலுக்கும் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தொகையீட்டைப் போட்டுவிட்டு அரைத் தவணை வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். காப்பீட்டுக் கணிப்பில் இருந்த காலத்தில் கை அப்படித்தான் பழகியது.

இரண்டாவதில் அதைவிடக் கூடுதல் பணம் இருக்கிறது. ஆண்டு முடிவில் ஒருமுறை 6% சேர்த்தால் 100 என்பது 106 ஆகிறது. தொடர் கூட்டுவட்டியில் 6% என்றால் 106.18 ஆகிறது. உங்கள் வைப்புக்குச் சமமான தொடர் வீதம் ln 1.06, அதாவது 5.827%. அதை வைத்தால் இன்றைய மதிப்பு 75,198 அல்ல, 75,787. வித்தியாசம் 589, அதாவது மாதக் கடைசிப் பிரச்சினையைப் போல மூன்று மடங்கு. எல்லாரும் 'தொடர்' என்ற கற்பனையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பணம் நழுவுவது வீதத்தைத் தப்பாகப் படிப்பதில்.

கூட்டல்காரன்

இதைத்தான் நான் எப்பவும் சொல்றது. 120 தவணை இருக்கு, ஒவ்வொண்ணா கூட்டினா போச்சு. இல்லாத ஒரு தொடர் ஓட்டத்தைக் கற்பனை பண்ணி, தொகையிட்டு, அப்புறம் அரை மாசம் கழிச்சு... கணினி இருக்கிற காலத்துல யாருக்கு வேணும் இது?

முடிவிலி

120 எண்ணைக் கூட்டினா ஒரு எண் வரும். (R/r)(1 − e^(−rT))-ன்னு எழுதினா, r மாறினா என்ன ஆகும், T நீண்டா என்ன ஆகும்னு பார்த்த உடனே தெரியும். உதாரணமா T முடிவில்லாம போனா R/r, அதாவது 1,66,667. முதல் 10 ஆண்டுலேயே அதுல 45% வந்துடுதுன்னு அடைப்புக்குறியைப் பார்த்தாலே தெரியுது. 120 வரிசை கொண்ட விரிதாள் இதைச் சொல்லாது.

கூட்டல்காரன்

பார்த்த உடனே தெரியறது உங்களுக்கு. எனக்கு வரிசைதான் தெரியும். சரி, சண்டை வேண்டாம்.

எழில்

அடுத்த கணக்குலயும் மாட்டிக்கிட்டேன், இதே இழையிலேயே கேட்டுடறேன். வருமானம் அதே 10,000. வட்டி முதல் 5 ஆண்டுக்கு 8%, அடுத்த 5 ஆண்டுக்கு 4%. நான் இப்ப கவனமா T − t போட்டேன்: முதல் பாதிக்கு e^(0.08(10 − t)), ரெண்டாம் பாதிக்கு e^(0.04(10 − t)). ரெண்டையும் கூட்டினா 1,47,065. இந்தக் கணக்குக்குப் புத்தகத்துல விடை இல்ல.

குறுக்குக்கணக்கு

சராசரி 6%. அப்ப பழைய விடையே: 1,37,020. இதுல தொகையிடவே தேவையில்ல.

வட்டிவிசை

இரண்டும் இல்லை. எழில், இந்த முறை உங்களுடையதுதான் சுவாரசியமான தப்பு.

e^(0.08(10 − t)) என்று எழுதும்போது, முதல் பாதியில் வந்த பணத்துக்குப் பத்தாம் ஆண்டு முடிவு வரை 8% கொடுத்துவிட்டீர்கள். வட்டிவீதம் பணம் எந்த நாளில் வந்தது என்பதைப் பார்க்காது. ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் பெட்டிக்குள் இருக்கிற எல்லாப் பணமும், பழையதோ புதியதோ, 4%-க்கு இறங்கிவிடும். ஆகவே அடுக்கில் வரவேண்டியது "வந்த நாளின் வீதம் × மிச்சக் காலம்" அல்ல. வந்த நாளிலிருந்து கடைசி நாள் வரை கடந்துபோன வீதங்களின் தொகையீடு, ∫ₜᵀ r(u) du.

கையில் போட எளிய வழி, ஐந்தாம் ஆண்டில் நின்று இருப்பைப் பார்ப்பது. முதல் ஐந்து ஆண்டில் சேர்ந்தது (10000 / 0.08)(e^0.4 − 1) = 61,478. இந்தத் தொகை அடுத்த ஐந்து ஆண்டு 4%-இல் e^0.2 மடங்காகி 75,090. அந்த ஐந்து ஆண்டில் புதிதாக வந்தது (10000 / 0.04)(e^0.2 − 1) = 55,351. மொத்தம் 1,30,440.

குறுக்குக்கணக்குக்கு: இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் 4%, பிறகு 8%. சராசரி அதே 6%. இதே வழியில் போட்டால் 1,44,052 வரும். 13,600 வித்தியாசம், வரிசையால் மட்டும்.

குறுக்குக்கணக்கு

அது எப்படி? 8-ஐயும் 4-ஐயும் மாத்திப் பெருக்கினா பெருக்கல் மாறாதே?

வட்டிவிசை

முதல் நாளே முழுப் பணத்தையும் போட்டிருந்தால் மாறாது. அப்போது e^0.4 × e^0.2 எந்த வரிசையிலும் e^0.6 தான். உங்கள் சராசரி அந்தக் கணக்குக்குச் சரி. ஓட்டமாக வரும்போது தொடக்கத்தில் பெட்டி கிட்டத்தட்டக் காலி, கடைசியில்தான் நிறைந்திருக்கிறது. காலிப் பெட்டிக்கு 8% கிடைத்து என்ன பயன்? நிறைந்திருக்கும்போது கிடைக்க வேண்டும்.

கூட்டல்காரன்

நம்பிக்கை இல்லாம ஓட்டிப் பார்த்தேன். நாள் நாளா இருப்பை நகர்த்தறது, தொகையீடு கிடையாது.

```python
from math import exp
A, h = 0.0, 1/365
for k in range(3650):
    r = 0.08 if k < 1825 else 0.04
    A = A * exp(r * h) + 10000 * h
print(round(A))
```

130429 வருது. அம்மா சொன்னதை விட 11 கம்மி. எங்க விட்டேன்?

முடிவிலி

எங்கயும் விடல. உங்க நிரல்ல அன்னிக்கு வர்ற பணம் அன்னிக்கு ராத்திரிதான் பெட்டிக்குள்ள போகுது, அன்னிக்கு வட்டி கிடையாது. சராசரியா அரை நாள் தாமதம். செந்தூரன் சாருக்கு அரை மாசம், உங்களுக்கு அரை நாள். h-ஐப் பாதியாக்கி, 3650-ஐயும் 1825-ஐயும் இரட்டிப்பாக்கினா அந்த 11 கிட்டத்தட்டப் பாதியாகும், பாருங்க.

எழிலுக்கு ஒரு வார்த்தை: அந்த for வரியோட உள்ளே இருக்கிறதுதான் dA/dt = r(t)A + R(t). இருப்பு ஏறுற வேகம், வட்டியும் வரவும் சேர்ந்தது. எந்தச் சூத்திரம் போடணும்னு குழப்பம் வந்தா இதுல இருந்து தொடங்குங்க. உங்க முதல் கணக்குலயே சோதிக்கலாம்: பத்தாம் ஆண்டு முடிவுல இருப்பு 1,37,020. அதுக்கு வட்டி ஆண்டுக்கு 8,221 வீதத்துல ஊறும், வரவு 10,000 வீதத்துல வரும். மொத்தம் 18,221. தொகையீட்டோட விடையை T-ஐ வச்சு வகையிட்டாலும் 10000 e^0.6, அதே 18,221.

எழில்

சோதிச்சுப் பார்த்தேன், வருது. 4-லிருந்து 8-க்குப் போற கணக்கையும் கையால போட்டேன், 1,44,052. நன்றி அம்மா, நன்றி முடிவிலி அண்ணா.

செந்தூரன்

மீண்டும் தொந்தரவு. வாங்குபவர் எந்த வட்டி வைத்து 80,000 என்று சொல்லியிருப்பார்? அதைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடிவிலி

முடியும், ஆனா சூத்திரத்தைத் திருப்பி எழுத முடியாது. r கீழேயும் அடுக்குலயும் இருக்கு. எண் போட்டுத் தேடணும். 4.64%-ல இன்றைய மதிப்பு கிட்டத்தட்ட 80,000 ஆகுது. அதாவது உங்க பணத்துக்கு வேற இடத்துல தொடர் வீதத்துல 4.64%-க்கு மேல கிடைக்கும்னா விக்கறது லாபம், கீழன்னா வச்சுக்கறது லாபம். மாதக் கடைசி விஷயத்தையும் சேர்த்தா இந்த எண் இன்னும் கொஞ்சம் கீழ இறங்கும்.

செந்தூரன்

ஆனால் இதெல்லாம் பத்து ஆண்டும் 10,000 தவறாமல் வரும் என்ற நம்பிக்கையில்தானே? என் வருமானம் குறையும் என்றுதான் தோன்றுகிறது.

குறுக்குக்கணக்கு

அப்ப r-ஐக் கூட்டிப் போடுங்க. ஆண்டுக்கு 5% குறையும்னு நினைச்சா 6-ஓட 5 சேர்த்து 11%. இதைத் தப்புன்னு அம்மாவால சொல்ல முடியாது.

வட்டிவிசை

சொல்ல மாட்டேன். வருமானம் 10000 e^(−0.05t) என்று தேய்ந்தால், தள்ளுபடி e^(−0.06t)-ஓடு பெருக்கினால் e^(−0.11t) தான். இன்றைய மதிப்பு 60,648. அந்த நிலையில் 80,000 மிக நல்ல விலை.

ஆனால் அது அந்த ஒரு வடிவத்துக்கு மட்டும் சரி. வருமானம் நான்கு ஆண்டு அப்படியே இருந்து திடீரெனப் பாதியாகலாம். அதை r-க்குள் ஒளித்து வைக்க முடியாது, R(t)-இல் வெளிப்படையாக எழுதி, எழில் செய்தது போல நான்காம் ஆண்டில் தொகையீட்டை இரண்டாக வெட்ட வேண்டும். செந்தூரன், இதுவரை உங்கள் வருமானம் எப்படிக் குறைந்தது? மெல்லத் தேய்ந்ததா, படியிறங்கியதா?

செந்தூரன்

படிதான். ஒரு பெரிய வாடிக்கையாளர் விலகியபோது ஒரே மாதத்தில் 12,000-லிருந்து 10,000-க்கு வந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை. அடுத்து யார் எப்போது விலகுவார் என்று எனக்குத் தெரியாது.

குறுக்குக்கணக்கு

தெரியாததை எங்க வெட்டறது? அதுக்குத்தான் r-ஐக் கூட்டச் சொல்றேன். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

முடிவிலி

இதுல குறுக்கு அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கு. எந்த நொடியிலும் ஒரே அளவு வாய்ப்போட மொத்த வருமானமும் நின்னு போகலாம்னா, சராசரி மதிப்புக்கு அந்த வாய்ப்பு வீதத்தை r-ஓட கூட்டறது சரியா வரும். ஆனா செந்தூரன் சாருக்கு முழுசா நிக்கல, ஒரு துண்டு மட்டும் போகுது. அப்ப ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி வீதம் வச்சு, தனித்தனித் தொகையீடாப் போட்டுக் கூட்டணும்.

வட்டிவிசை

நான் அந்த வழியில்தான் போவேன். குறுக்குக்கணக்கு தன் வழியில் போவார். செந்தூரன், 10,000-இல் எவ்வளவு எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று போடுங்கள். பெயர் வேண்டாம், தொகை மட்டும் போதும்.

செந்தூரன்

மூன்று பேர். ஒருவர் 6,000, மற்ற இருவர் ஆளுக்கு 2,000. 6,000 தருபவரின் ஒப்பந்தம் மட்டும் நான்காம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டியது. இப்போதுதான் தாளை எடுத்துப் பார்த்தேன்.

கூட்டல்காரன்

அதுக்குப் பேரு பத்து வருஷ ஒப்பந்தமா?